ஒரு செக்டர் போனால்: ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும்

பாளையங்கோட்டையில் எங்கள் ஸ்டூடியோவின் எடிட்டிங் மெஷினுக்குப் புது டிஸ்க் போட வேண்டி வந்தபோது நான் எஸ்எஸ்டி பக்கம் சாய்ந்தேன். இன்றும் அதே பக்கம்தான். வேகம் எது, விலை எதில் குறைவு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு விஷயம்: டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனது தெரியவரும் அந்த நேரத்தில், நம்முடைய தரவு எங்கே இருக்கிறது?

பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு கல்யாண வீடியோவை காப்பி எடுக்கும்போது ஒரே இடத்தில் நின்று நின்று போனது. டிஸ்க்கின் உடல்நிலைக் கணக்கைக் காட்டும் `smartctl -A /dev/sda` கொடுத்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய இரண்டு வரிகளில் பெயரும் கடைசி எண்ணும் இப்படி இருந்தன:

```
  5 Reallocated_Sector_Ct     0
197 Current_Pending_Sector    8
```

எட்டு இடம் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இப்போதைய டிஸ்க்குகளில் தட்டின் மேல் இருக்கும் உண்மையான செக்டர் 4096 பைட். கணினிக்கு அதை 512 பைட் துண்டுகளாகக் காட்டுவதால், ஒரு செக்டர் போனாலே எண்ணிக்கை எட்டு ஏறும்.

ஹார்டு டிஸ்க் எழுதும்போது, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது வழக்கமில்லை. ஹெட் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த இடம் பலவீனம் என்பது மாதங்கள் கழித்து யாராவது படிக்க வரும்போதுதான் தெரியும். பிழைதிருத்தக் குறியீட்டால் சரிசெய்ய முடியாவிட்டால், தட்டு சுற்றச் சுற்ற ஹெட்டைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தித் திரும்பத் திரும்பப் படிக்கும். காப்பி நின்று நின்று போனது அதனால்தான். ஏதாவது ஒரு தடவை படிப்பு கிடைத்துவிட்டால், தரவை, இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் உதிரி செக்டருக்கு மாற்றிவிட வழி உண்டு. கிடைக்கவே இல்லையென்றால் அந்த இடம் 197-இல் காத்திருப்போர் பட்டியலில் சேரும்.

ஏன் காத்திருக்க வேண்டும், உடனே உதிரிக்கு மாற்றினால் என்ன? மாற்றினால் அடுத்த முறை படிக்கும்போது உதிரியில் இருக்கும் வெறும் பைட்டுகள் நல்ல தரவு போல வந்துவிடும். பொய்யான தரவைக் கொடுப்பதைவிடப் பிழை சொல்வது மேல் என்று டிஸ்க் அப்படியே வைத்திருக்கிறது. அந்த முகவரியில் புதிதாக எழுத யாராவது வரும்வரை அது நகராது.

சர்வீஸ் கடைத் தம்பி, "அண்ணாச்சி, ஃபுல் ஃபார்மட் அடிங்க, சரியாயிரும்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. விஸ்டா முதல் வந்த விண்டோஸில் முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும். குயிக் ஃபார்மட் அப்படிச் செய்யாது, அதனால் இதற்கு உதவாது. எழுத்து வந்ததும் டிஸ்க் அந்த செக்டரைச் சோதிக்கிறது. தாங்கினால் அதையே வைத்துக்கொண்டு 197-ஐக் குறைக்கும். தாங்காவிட்டால் உதிரிக்கு மாற்றி 5-ஐ ஏற்றும். கேமரா கார்டிலிருந்து வீடியோவைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு ஃபார்மட் அடித்தேன். 197 பூஜ்யம் ஆனது, 5-உம் பூஜ்யத்திலேயே நின்றது. டிஸ்க் பழையபடி சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் அந்த 4096 பைட் டிஸ்க்கிலிருந்து போனது போனதுதான். கார்டு மட்டும் இல்லையென்றால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

எஸ்எஸ்டியில் கதை வேறு மாதிரி. அங்கே எந்த முகவரிக்கும் நிலையான இடம் கிடையாது. கணினி கேட்கும் முகவரி ஃபிளாஷில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலர் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் புது இடத்துக்குப் போகிறது, அட்டவணை மாறுகிறது. அதாவது இடம் மாற்றுவது அதற்கு அன்றாட வேலை. பக்கம் பக்கமாக எழுதும், ஆனால் பல பக்கங்கள் சேர்ந்த பிளாக்காகத்தான் அழிக்கும். ஒதுக்கி வைப்பதும் பெரும்பாலும் பிளாக் கணக்கில்தான்.

ஒரு பிளாக் மூன்று சமயங்களில் காட்டிக்கொடுக்கலாம். எழுதும்போது தோற்றால், எழுத வந்த தரவு இன்னும் கன்ட்ரோலரின் பஃபரில் இருக்கிறது. அது வேறு பிளாக்கில் எழுதப்படும், பழைய பிளாக் ஒதுக்கப்படும். அழிக்கும்போது தோற்றால் கவலையே இல்லை. அழிப்பதற்கு முன்பே அதில் பயனுள்ளதையெல்லாம் வேறு இடத்துக்கு நகர்த்தியாகிவிட்டது. மூன்றாவது, படிக்கும்போது. இங்கேதான் தரவுக்கு ஆபத்து. ஆனால் ஃபிளாஷில் சில பிட்டுகள் புரள்வது சாதாரணம், திருத்திக்கொண்டேதான் படிக்கிறது. எத்தனை பிட் திருத்தினோம் என்பது கன்ட்ரோலருக்குத் தெரியும். திருத்தும் எல்லையைத் தொடுமுன்பே, எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்த்துத் தரவை வேறு பிளாக்குக்கு மாற்றிவிடும்.

மூன்றில் இரண்டு சமயங்களில் தரவு கெட்ட இடத்தை நம்பி இல்லை, மூன்றாவதில் முன்னெச்சரிக்கை இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் பெரும்பாலும் தரவு மாட்டிக்கொண்ட பிறகுதான் செய்தி வருகிறது. என் கணக்கில் இந்த ஒரு வித்தியாசம் போதும்.

உதிரி இடத்தின் அளவும் ஒப்பிட முடியாத தூரம். ஹார்டு டிஸ்க்கில் மாடலைப் பொறுத்துப் பொதுவாகச் சில ஆயிரம் செக்டர். 4000 என்று வைத்தால் 16 எம்பி. தேவைப்படும்வரை அது சும்மா கிடக்கும். மாற்றிய செக்டர் தூரத்தில் இருந்தால், படிக்க ஹெட் அங்கே போய் வர வேண்டும். எங்கள் 500 ஜிபி எஸ்எஸ்டி போன்றவற்றில் உள்ளே 512 ஜிபி ஃபிளாஷ் இருந்தால், அந்த 512-இல் ஒரு ஜிபி என்பது 1024 × 1024 × 1024 பைட். நூறு கோடி பைட் ஒரு ஜிபி என்ற கணக்கில் பார்த்தால் சுமார் 549.8 ஜிபி வருகிறது. கிட்டத்தட்ட 50 ஜிபி நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதில் தொழிற்சாலையிலிருந்தே கெட்டு வந்த பிளாக்குகள், அட்டவணை, ஃபர்ம்வேர் எல்லாம் அடக்கம். மீதி சும்மா இருப்பதில்லை, மற்ற பிளாக்குகளோடு சேர்ந்து சுழற்சியில் உழைக்கிறது. டிஸ்க்கில் காலி இடம் விட்டால், எந்த இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை வழியாக அதுவும் கன்ட்ரோலருக்குத் தற்காலிக உதிரியாகிறது. எடிட்டிங் டிஸ்க்கைத் தொண்டை வரை நிரப்பாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் `smartctl -A /dev/nvme0` கொடுத்தால் நேரடியாகவே தெரியும்:

```
Available Spare:                 100%
Available Spare Threshold:       10%
Media and Data Integrity Errors: 0
```

முதல் எண் இரண்டாவதைவிடக் கீழே போனால் எச்சரிக்கை எழும். மூன்றாவது எண் ஏறினால் திருத்த முடியாத பிழை வந்துவிட்டது என்று பொருள், அப்போது முதல் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் டிஸ்க் இன்னும் 100-இல்தான் நிற்கிறது, அதனால் உதிரி தீர்ந்துபோகும் கட்டத்தை நான் அனுபவத்தில் பார்த்ததில்லை. சில மாடல்கள் அப்போது படிக்க மட்டும் அனுமதிக்கும், ஆனால் எல்லா மாடலும் அப்படி நடந்துகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

எஸ்எஸ்டிக்கு எதிராகவும் கனமான ஒரு விஷயம் உண்டு. கன்ட்ரோலரோ அந்த அட்டவணையோ போனால், நல்ல பிளாக்குகளும் சேர்ந்தே போகும். உதிரி 100% என்று காட்டிய மறுநாளே டிஸ்க் கணினிக்குத் தெரியாமல் போகலாம். ஹார்டு டிஸ்க்கில் சில செக்டர் போனாலும், `ddrescue` மாதிரி கருவியால் கெட்ட இடத்தைத் தாண்டி மீதியை எடுத்துவிடலாம்.

அப்புறம் அலமாரியில் வைப்பது. மின்சாரம் இல்லாத எஸ்எஸ்டியில் செல்களின் மின்னூட்டம் மெல்லக் கசிகிறது, ஏற்கெனவே விளக்கிய அந்த முன்னெச்சரிக்கை வேலையும் நடப்பதில்லை. மெமரி சிப்புகளுக்கு விதிமுறை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்குக் கேட்பது, ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த நிலையில் 30 டிகிரியில் ஓராண்டு. புது டிஸ்க் அதைவிட நன்றாகத் தாங்கும்; ஆனால் சூடு ஏற ஏறக் கசிவு கூடும், சித்திரையில் எங்கள் ஊர் மாடி அறை 30 டிகிரியில் நிற்காது. அதனால் ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணங்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் தனித்தனிப் பிரதியாகப் போகின்றன. அவ்வப்போது எடுத்து `smartctl -t long /dev/sda` என்று முழுச் சோதனை ஓட்டி, 197-இல் எண் ஏறியிருந்தால் கெட்ட கோப்பை மற்றப் பிரதியிலிருந்து அதன் மேலேயே எழுதாமல், அந்த மற்றப் பிரதி முழுவதையும் வேறு டிஸ்க்கில் புதிதாக நகல் எடுத்துவிடுகிறோம்.