கேரியர் டே போஸ்டருக்கு டாக்டர் கோட்: வாடகையா, ரெடிமேடா, தைக்கிறதா?

பொண்ணு யுகேஜி. ஸ்கூல்ல கேரியர் டேக்கு ஆளுக்கு ஒரு ஏ3 போஸ்டர், நடுவுல வேஷம் போட்ட குழந்தையோட போட்டோ பெருசா இருக்கணும்னு கேட்டிருந்தாங்க. நாங்க டெய்லர்கிட்ட கொடுத்து தைச்சோம், அதனால நான் பேசப்போறது பெரும்பாலும் அதுக்கு சப்போர்ட்டாதான் இருக்கும்.

வாடகை கடை பத்தி நிறைய சொல்ல வேண்டியதில்ல. டெபாசிட் கட்டி காலைல எடுத்து சாயங்காலம் திருப்பிக் கொடுத்தா வேலை முடிஞ்சுது, மேடைல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வர்றதுக்கு அது தாராளமா போதும். ஆன்லைன்ல கோட்டு, பிளாஸ்டிக் ஸ்டெதஸ்கோப், பொம்மை ஊசி எல்லாம் சேர்ந்து வர்ற செட் நான் வாங்கல, பக்கத்து வீட்டுப் பையனோடதை கைல எடுத்துப் பாத்ததை வச்சுதான் சொல்றேன், வீட்ல டாக்டர் விளையாட்டுக்கு நல்லா உழைக்கும் போலதான் இருந்துச்சு.

ஆனா இது போஸ்டர், அதாவது போட்டோ, அங்கதான் துணி முக்கியமாகுது. வாடகை கோட்டு, செட்ல வர்ற கோட்டு ரெண்டுமே நான் பாத்தவரைக்கும் மெல்லிசான பாலியஸ்டர்தான், வெளிச்சம் பட்டா பளபளனு மின்னும், உள்ள போட்டிருக்கிற கலர் கவுனும் வெளிய தெரியும். இதோட பளீர் வெள்ளைத் துணிக்கே ஒரு சிக்கல் இருக்கு. நம்ம பிள்ளைங்க மாநிறம், போன்ல முகத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணா போன் முகத்துக்குத் தக்க வெளிச்சத்தைக் கூட்டும், உடனே கோட்டு வெளுத்துப்போய் காலர், பாக்கெட், பட்டன் பட்டி எல்லாம் கரைஞ்சு கழுத்துக்குக் கீழ வெறும் வெள்ளைப் பேப்பர்தான் நிக்கும், சரினு கோட்டைத் தொட்டா முகம் கறுத்துடும். அதை வெள்ளை சார்ட்ல வேற ஒட்டினா கோட்டு எங்க முடியுது சார்ட் எங்க ஆரம்பிக்குதுனே தெரியாது.

தைக்கிறதுல இதுக்கு வழி இருக்கு, ஏன்னா துணியை நாமதான் எடுக்கிறோம். பளபளப்பில்லாத கொஞ்சம் கனமான டெரிகாட்ல ஆஃப் ஒயிட் கேளுங்க. நேர்ல பாத்தா லேசா மங்கலாதான் தெரியும், போட்டோல அதுதான் சரியான வெள்ளையா விழும், மடிப்பும் தையலும் நிக்கும். 58 இஞ்ச் அகலத் துணினா 1 மீட்டர் எங்களுக்குப் போதுமா இருந்துச்சு. அளவு எடுக்கும்போது உள்ள போடப்போற டிரஸ்ஸோட எடுக்கச் சொல்லுங்க, தோள்பட்டை மட்டும் சரியா உக்காரணும், அது இறங்கினா மத்ததெல்லாம் சரியா இருந்தாலும் இரவல் கோட்டாதான் தெரியும். கை நீளத்துல 2 இஞ்ச் உள்ள மடிச்சு தைச்சா அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம். செலவு வாடகையை விட ரெண்டு மடங்கு ஆச்சு, ஒரே ஒரு நாளுக்குத்தான்னா அது கூடுதல்தான், மறுக்கல.

இன்னொண்ணு, வாடகை கோட்டு, செட் கோட்டுங்க பாக்கெட்ல பெரும்பாலும் சிவப்பு பிளஸ் அச்சடிச்சிருக்கும். அது டாக்டரோட சின்னம் இல்ல, செஞ்சிலுவைச் சங்கத்தோடது, 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி இல்லாம அதைப் பயன்படுத்தக் கூடாது. போஸ்டர்ல அதைத் தவிர்க்கிறதுதான் சரி, வாடகை கோட்டுதான் கிடைச்சுதுன்னா அது மேல குழந்தை பேர் எழுதின பேட்ஜைக் குத்திடுங்க.

ஸ்டெதஸ்கோப் மட்டும் வாங்கவே வேணாம், தெரிஞ்சவங்ககிட்ட நிஜமானதைக் கேட்டு வாங்குங்க. எங்களுக்கு தம்பி பொண்டாட்டி கொடுத்தா, நர்ஸா இருக்கா. "காதுல மாட்டுற முனை ரெண்டும் மூக்குப் பக்கமா திரும்பியிருக்கணும் அண்ணி, நிறைய போட்டோல அதைத் திருப்பித்தான் மாட்டியிருப்பாங்க"னு சொல்லி அவளே மாட்டிவிட்டா. பெரியவங்க டியூப் நீளம், கழுத்துல தொங்கவிட்டா வயித்துக்குக் கீழ இறங்குது, அதனால தொங்கவிடாம காதுல மாட்டி வட்டத்தைத் தன் நெஞ்சுலயே வைக்கச் சொன்னோம். லப் டப்னு கேட்டதும் கண்ணு ஒரு பக்கமா போய் வாய் லேசா திறந்துச்சு பாருங்க, அந்த முகம் பொம்மை ஸ்டெதஸ்கோப்புக்கு வரவே வராது. காதுல இருக்கும்போது யாரும் அந்த வட்டத்தைத் தட்டவோ அதுல கத்தவோ கூடாது, சத்தம் நேரா காதுக்குள்ள போகும். போட்டோ முடிஞ்சதும் கழட்டிடணும், கழுத்துல மாட்டிக்கிட்டு ஓட விடக்கூடாது.

எடுக்கிறப்போ ஃபிளாஷ் வேணாம், நேர் வெயிலும் வேணாம், வராண்டா ஓரமா நிக்க வச்சு பின்னாடி வெளிர் நீலமோ பச்சையோ ஒரு துணி கட்டினா கோட்டு தனியா எடுத்துத் தெரியும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் பண்ணிட்டு பக்கத்துல வர்ற சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் கீழ இழுங்க, காலர் கோடு திரும்பத் தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. பிரிண்ட் கடைல அவங்களா பிரைட்னஸ் கூட்டுவாங்க, வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.