அபராதமா, நினைவூட்டலா: தோட்டப்புற டியூஷன் மையத்துக்கு எது பொருந்தும்?

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில் டியூஷன் மையம் நடத்துபவர்கள் இரண்டு குறைகளைத் தனித்தனியாகச் சொல்வார்கள். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கட்டணம் காலம் தாழ்ந்து வருகிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே சிக்கல்தான் என்பது என் கருத்து. இரண்டு மாதப் பாக்கி சேர்ந்துவிட்டால், ஆசிரியர் முகத்தில் விழிக்கக் கூசியே பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். பாக்கியும் வராது, பிள்ளையும் வராது.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில், ஒரே ஒரு இலவச வகுப்பைக் காட்டிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, மாதம் முதல் தேதி கட்டணம் கேட்டு, 7-ஆம் தேதி தாண்டினால் அபராதம் போடுவார்கள். மற்றொன்றில், நான்கு முன்னோட்ட வகுப்புகளுக்குச் சிறு தொகை வாங்குவார்கள். கட்டண நாளைச் சம்பள நாளுக்குப் பின்னால் வைத்து, பெற்றோருக்குத் தனியாக நினைவூட்டுவார்கள்.

முதலில் முன்னோட்ட வகுப்பு. ஒரு நாள் இலவச வகுப்பில் ஆசிரியர் தமக்கு மிக நன்றாக வரும் பாடத்தை எடுப்பார். பிள்ளைக்குப் பிடித்துவிடும். ஆனால் பிள்ளையை நிறுத்தும் காரணங்கள் அன்றைக்கு வெளியே தெரியாது. அப்பா மாலை ஷிப்டுக்குப் போகும் வாரத்தில் மோட்டார்சைக்கிளில் கூட்டிவர ஆள் இருக்காது. செவ்வாய்க்கிழமை பள்ளியில் புறப்பாட நடவடிக்கை இருக்கும். நான்காம் படிவக் கணிதத்துக்கு வந்த பிள்ளைக்கு இரண்டாம் படிவத்துப் பின்னமே தடுமாறும். இவையெல்லாம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தெரியவரும். ஒரு நாள் வகுப்பை நம்பிச் சேர்த்த மையம் அதற்குள் முழு மாதக் கட்டணத்தை வாங்கியிருக்கும். நின்றுபோகும் பிள்ளையின் பெற்றோருக்கு அது மனக்கசப்பாகவே முடியும்.

நான்கு வகுப்பு என்றால் வாரம் இரண்டாக இரண்டு வாரம். இரு வெவ்வேறு ஷிப்டு வாரங்களை அது தொட்டுவிடுவதால் போக்குவரத்துச் சிக்கல் முன்கூட்டியே தெரியும். மூன்றாவது வகுப்பு முடிந்த மாலை ஆசிரியர் வீட்டுக்கு அழைத்து மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: பிள்ளை எப்படி வருகிறது, வீட்டில் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசியதா, எந்த நாள் வர முடியாமல் போகும்? இருபது ரிங்கிட் போன்ற ஒரு தொகையை வாங்கிச் சேரும்போது முதல் மாதக் கட்டணத்தில் கழித்துவிடலாம். முற்றிலும் இலவசமானால், சேரும் எண்ணமே இல்லாமல் மையம் மையமாகச் சுற்றும் பிள்ளைகள் வகுப்பின் ஓட்டத்தைக் கெடுப்பார்கள். புதியவர்களை மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கட்டண விஷயத்தில் வேறுபாடு இன்னும் பெரியது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதாவது மாதச் சம்பளக்காரர் பலருக்கு 7-ஆம் தேதி வரை கையில் பணம் வராமல் இருப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான். 7-ஆம் தேதிக்குப் பின் அபராதம் போடும் மையம், சம்பளம் வந்த மறுநாளே பெற்றோரைத் தண்டிக்கிறது.

பழம் வெட்டுபவர்களின் வருமானம் செம்பனையின் விளைச்சலோடு ஏறி இறங்கும். பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் விளைச்சல் குறைவு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை உச்சம். 2026-இல் பள்ளி ஆண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. சீருடை, காலணி, புத்தகப்பை என்று செலவு குவியும் நேரமும் சம்பளம் மெலியும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. தொடக்க மாதங்களில் பாக்கி ஏறினால் பெற்றோரின் பொறுப்பின்மை என்று எழுதிவிடக் கூடாது.

அபராதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மழலையர் காப்பகங்களில் உரி நீசி, ஆல்டோ ருஸ்திகினி என்ற இரு பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 2000-இல் வெளியிட்டார்கள். பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. காசு கட்டினால் தாமதிக்கலாம் என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். வசதி உள்ள வீட்டில் இது நடக்கும். வசதி இல்லாத வீட்டில் அபராதம் பாக்கியைத்தான் பெருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகள், தலைக்கு மாதம் 80 ரிங்கிட், மொத்தம் 160 என்று வைத்துக்கொள்வோம். அப்பா தோட்டத்தில், அம்மா தொழிற்சாலையில். அம்மாவுக்கு 25-ஆம் தேதி சம்பளம். அபராதம் பிள்ளைக்குப் பத்து ரிங்கிட் என்றால் முதல் மாதத் தவறுதலில் கடன் 180. அடுத்த மாதமும் தவறினால் 360. அந்த எண்ணைப் பார்க்கும் அம்மா பிள்ளைகளை நிறுத்துவதைத் தவிர வேறென்ன செய்வார்? இரண்டாம் வழியில் கட்டண நாள் 10. ஐந்தாம் தேதி ஒரு செய்தி, 11-ஆம் தேதி ஒரு செய்தி, 15-ஆம் தேதி ஓர் அழைப்பு. அந்த அழைப்பில், “இப்போது எண்பது, 25-க்குப் பிறகு எண்பது கட்டினால் போதும் அக்கா” என்று சொல்லிவிடலாம். கடன் 160-ஐத் தாண்டாது.

செய்தியில் பிள்ளையின் பெயர், மாதம், தொகை, தேதி, கட்டும் வழி, பேச வேண்டிய ஆள் ஆகியவை இருந்தால் போதும்:

“வணக்கம் அக்கா. கவிதாவுக்கும் ரவிக்கும் மார்ச் மாதக் கட்டணம் 160 ரிங்கிட். 10-ஆம் தேதிக்குள் வங்கியிலோ நேரிலோ செலுத்தலாம். இந்த மாதம் சிரமம் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிரித்துக் கட்டலாம்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. கூச்சத்தை உடைப்பது அதுதான். கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப்போல் பிள்ளைகளை விரட்டும் செயல் வேறில்லை. தமிழ் வாசிப்பதில் தடுமாறும் பெற்றோருக்கு இதையே குரல் பதிவாக அனுப்பலாம். சேரும்போதே, வீட்டில் பணத்தைக் கையாள்பவர் யார், அவருடைய எண் எது என்று கேட்டு வைக்க வேண்டும். பாட்டியிடம் வளரும் பிள்ளையின் அப்பாவுக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லாமல் போகலாம். முன்கட்டண எண்கள் அடிக்கடி மாறும். செய்திக்கு இரண்டு நாளாக ஒற்றைக் குறியே இருந்தால் எண்ணைச் சந்தேகிக்க வேண்டும், பெற்றோரை அல்ல.

இரண்டாம் வழிக்கும் விலை உண்டு. முதல் தேதி வந்துகொண்டிருந்த பணம் பத்தாம் தேதிக்குப் போகும். நாற்பது பிள்ளைகள் என்றால் மாத வரவு 3,200 ரிங்கிட். முறையை மாற்றும் மாதத்தில் கடை வாடகையையும் ஆசிரியர் சம்பளத்தையும் பத்து நாள் தாங்கும் கையிருப்பு தேவை. பகுதி நேர ஆசிரியர்களிடம் முன்கூட்டிப் பேசி அவர்கள் சம்பள நாளை 12-க்கு நகர்த்துவது எளிய வழி. அழைப்புகளுக்கும் ஒருவர் மாதம் இரண்டு மாலைகளை ஒதுக்க வேண்டியிருக்கும். பெற்றோர் பெரும்பாலும் நிலையான சம்பள உத்தியோகத்தில் உள்ள பட்டணத்து மையத்துக்கு முதல் வழியே சிக்கனமாக இருக்கலாம். தோட்டத்தைச் சுற்றியுள்ள ஊருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

எஸ்.பி.எம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வரும் ஐந்தாம் படிவ மாணவனுக்கு நான்கு முன்னோட்ட வகுப்பு பொருந்தாது. அவனுக்குப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு அன்றைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முறை பலன் தருகிறதா என்பதற்கு மொத்தப் பாக்கியைப் பார்ப்பதைவிட, 10-ஆம் தேதிக்குள் கட்டியவர்கள் எத்தனை பேர், சேர்ந்து நான்காம் மாதமும் வருபவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டை மட்டும் ஒரு நோட்டில் மாதாமாதம் எழுதி வந்தால் போதும். முன்னோட்டத்திலேயே நின்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.