பார்சல் அலர்ட்டை நம்பி 239 வெள்ளி போச்சு: கார்டு எண் போடும் முன் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. 239 மலேசிய வெள்ளி. நேற்று சாயங்காலம் வங்கியிலிருந்து கடைசிப் பதில் வந்தது: ஒரு காசும் திரும்பாது.

பல கூரியர்களில் வரும் பார்சல்களை ஒரே இடத்தில் பார்ப்பது எப்படி, அலர்ட் வைப்பது எப்படி என்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுவதாகக் குடும்ப வாட்ஸாப் குழுவில் சொல்லியிருந்தேன். அதையும் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். ஐந்து பார்சல் வரவேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பட்டுச்சேலை, கிள்ளானிலிருந்து குத்துவிளக்கு, மற்ற மூன்றும் தாம்பூலப் பை, வளையல், அலங்காரச் சாமான். ஐந்துக்கும் நான்கு வெவ்வேறு கூரியர். எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, உள்ளே போகும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வீட்டில் அம்மா மட்டும்தான், அவரும் கோயில், சந்தை என்று போய்விடுவார். எந்தப் பார்சல் எந்த நாள் வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அன்றைக்கு அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தேடினேன். எல்லாக் கூரியரையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஒரு வெளிநாட்டு இணையதளம் வந்தது. பெயர் சொல்லவில்லை, இந்த மாதிரி நிறைய இருக்கின்றன, எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. சேலையின் எண்ணைப் போட்டேன். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவுக்கான `IN`. `EE123456785IN` என்பது போல இருக்கும். மூன்று வினாடிகூட ஆகவில்லை, சென்னையில் எத்தனை மணிக்கு வாங்கினார்கள், எத்தனை மணிக்குப் பை கட்டினார்கள் என்று வரிசையாகக் காட்டியது. எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். அந்தத் தகவல் அஞ்சல் துறையின் சொந்தப் பக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஏதோ இவர்களே சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது போல வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

அலர்ட் வேண்டும் என்று மணிப் படத்தைத் தட்டினால், 'மூன்று நாள் சோதனை, 1 வெள்ளி' என்று பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான். 1 வெள்ளிக்கு ஒரு தே தாரிக் கூட வராதே என்று டெபிட் கார்டு எண்ணைப் போட்டேன். அந்தப் பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி இருந்தது. பிறகு வங்கிக்கு அனுப்பப் படம் பிடித்தபோது விரலால் பெரிதாக்கித்தான் படித்தேன்: சோதனை முடிந்ததும் ஆண்டுச் சந்தா தானாகத் தொடரும், 239 வெள்ளி.

முதல் நாளே ஒரு கூத்து. கிள்ளான் விளக்கின் எண் வெறும் 12 இலக்கம், எழுத்தே கிடையாது. போட்டவுடன் 'டெலிவர்டு' என்று வந்தது. அம்மாவைக் கேட்டேன். "யாரும் வரலையேடா, நான் காலையிலேர்ந்து வாசல்லதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கடைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சு எழுதும்படி இல்லை. அவன் பாவம், பொறுமையாக, "அண்ணே, ஸ்டிக்கர் மட்டும்தான் அடிச்சு வச்சிருக்கேன். பெட்டி இன்னும் கடையிலதாண்ணே இருக்கு" என்றான்.

நடந்தது இதுதான். அஞ்சல் வழி வரும் வெளிநாட்டுப் பார்சல் எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே அமைப்பு, அதைப் பார்த்தாலே எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று தெரியும். தனியார் கூரியர்களுக்கு அப்படிப் பொது அமைப்பு இல்லை. வெறும் 12 இலக்கம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதே நீளத்தில் எண் தருகின்றன. இணையதளம் தானாக ஒரு நிறுவனத்தை ஊகிக்கிறது. என் விஷயத்தில் அது ஊகித்தது ஓர் அமெரிக்க நிறுவனத்தை, காட்டியது எங்கோ யாருக்கோ போய்ச்சேர்ந்த பெட்டியை. கண்டுபிடிக்கும் வழி என் கண் முன்னாலேயே இருந்தது: முதல் பதிவின் தேதி நான் விளக்கை வாங்கிய நாளுக்கு மூன்று மாதம் முந்தியது. ஊர்ப் பெயரும் கிள்ளான் இல்லை. கூரியர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய முக்கோணத்தைத் தட்டி, ரசீதில் இருந்த கூரியரை நானே தேர்ந்தெடுத்த பிறகுதான் சரியானது. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது வேறு கதை.

அப்போதே விலகியிருக்க வேண்டும். என் தவறு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அப்புறம் சேலை. சென்னையில் விமானம் ஏற்றியது என்ற பதிவுக்குப் பிறகு ஐந்து நாள் சத்தமே இல்லை. அது சாதாரணம்தானாம், இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஸ்கேன் செய்ய ஆள் இல்லை. இதற்கிடையில் மூன்று நாள் முடிந்து, நான்காம் நாள் விடிகாலை 3.17க்கு வங்கியிலிருந்து செய்தி, 239 வெள்ளி கழிந்தது என்று. அதை நான் பார்த்தது காலை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது. வயிறு எரிந்தாலும், சரி, அலர்ட்டாவது ஒழுங்காக வரும், நிச்சயத்துக்குச் சேலை முக்கியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சேலை வந்த நாளின் கணக்கை அப்படியே தருகிறேன். காலை 9.12க்குத் தபால்காரர் டெலிவரிக்கு எடுத்துக் கிளம்பியிருக்கிறார். 12.58க்கு என் எண்ணுக்கு அழைத்திருக்கிறார், கைப்பேசி லாக்கரில். 1.05க்கு வீட்டில் ஆள் இல்லை என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அப்போது சந்தையில். நான் காசு கொடுத்து வாங்கிய அலர்ட் வந்தது இரவு 9.40க்கு. அதில் இரண்டு செய்தி ஒன்றன்கீழ் ஒன்றாக: 'உங்கள் பார்சல் இன்று டெலிவரிக்குக் கிளம்பியது', 'டெலிவரி முயற்சி தோல்வி'. தபால்காரரின் தவறிய அழைப்பே இதைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் முந்தி வந்திருக்கிறது, இலவசமாக.

ஏன் இப்படி என்று பிறகு ஒரு நண்பர் விளக்கினார். இந்தத் தளங்களிடம் ஸ்கேனர் எதுவும் இல்லை. கூரியர்க்காரர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்ய, அது கூரியரின் கணினியில் ஏற, இந்தத் தளம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய் 'ஏதாவது புதுசா இருக்கா' என்று கேட்டுவந்து நமக்குச் சொல்கிறது. பல நாள் அசையாத எண்ணை இன்னும் குறைவாகத்தான் போய்க் கேட்கும். என் சேலை ஐந்து நாள் அசையாமல் இருந்ததால் கடைசி வரிசைக்குப் போயிருக்கும் என்றார். அலர்ட் எவ்வளவு காசு கட்டினாலும் கூரியரை முந்தி வராது, பின்னால்தான் வரும். இதை எந்தப் பச்சைப் பொத்தானிலும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் லீவு போட்டு, நானே அஞ்சலகம் போய் அடையாள அட்டை காட்டிச் சேலையை வாங்கிவந்தேன்.

அன்றிலிருந்து 239 வெள்ளியைத் துரத்துகிறேன். சாட்டில் ஒரு பெண், 'உங்கள் மனவருத்தம் புரிகிறது' என்றாள். மூன்று முதல் ஐந்து வேலைநாள் என்றாள். ஏழாம் நாள் வேறொருவன், 'தகவல் கூரியரிடமிருந்து வருகிறது, தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்றான். சரி, அப்படியென்றால் எதற்கு என்னிடம் 239 வெள்ளி வாங்கினீர்கள் என்று கேட்டேன். விதிமுறையின் சுட்டியை அனுப்பிவிட்டு உரையாடலை மூடிவிட்டான். அடுத்த முறை சாட்டைத் திறந்தால் மறுபடியும் முதல் பெண், மறுபடியும் 'உங்கள் மனவருத்தம் புரிகிறது'.

வங்கி ஆட்சேபப் படிவம் கொடுத்தது, நிரப்பி அந்தச் சாம்பல் வரியின் படத்தோடு அனுப்பினேன். நீங்களே கார்டு எண் கொடுத்துச் சம்மதித்திருக்கிறீர்கள், இது மோசடியில் சேராது என்றார்கள். பழைய கார்டை முடக்கிப் புதுசு வாங்க 12 வெள்ளி தனி. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம் என்று ஷிப்டில் ஓர் அண்ணன் சொன்னார். எதிர்த்தரப்பின் முகவரியை எழுத வேண்டுமே, இந்தத் தளத்தில் முகவரி என்று ஒன்றே கிடையாது. 5 வெள்ளியையும் ஏன் விடுவானேன்.

சரி, சொன்ன ஆலோசனை. படம் போட்டு விரிவாக எழுத நினைத்தேன், ஷிப்ட் பஸ் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

ஒரே பக்கத்தில் எல்லா எண்ணையும் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், அதற்கு எங்கேயும் கார்டு தேவையில்லை. எண்ணைப் போட்டதும் கூரியர் பெயர் ரசீதில் உள்ளதுதானா, முதல் பதிவின் தேதி நீங்கள் வாங்கிய பிறகுதானா என்று பாருங்கள். வெளிநாட்டு அஞ்சல் பார்சல் இங்கே வந்து இறங்கியபின் அதே எண்ணைப் போஸ் மலேசியா பக்கத்திலும் போடலாம்.

அலர்ட்டைக் கூரியரின் சொந்தச் செயலியில் வையுங்கள். 'டெலிவரிக்குக் கிளம்பியது', 'முயற்சி தோல்வி' இரண்டு மட்டும் போதும். எல்லாவற்றையும் போட்டால் நாள் முழுக்க டிங் டிங் என்று அடித்து நீங்களே அணைத்துவிடுவீர்கள். பார்சலில் எழுதும் தொலைபேசி எண், பகலில் எடுக்கக்கூடியவரின் எண்ணாக இருக்கட்டும். இனி எல்லாவற்றுக்கும் அம்மா எண்தான்.

சோதனை என்று கார்டு கொடுத்தே விட்டீர்களா, அன்றைக்கே ரத்து செய்யுங்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் வழி கட்டியிருந்தால் அங்கேயே சந்தாப் பகுதியில் நிறுத்தலாம். என்னைப் போல நேராகத் தளத்தில் கார்டு போட்டிருந்தால் அந்த வழியும் இல்லை.

இன்னொன்று, பார்சல் வரி பாக்கி 2 வெள்ளி கட்டுங்கள் என்று சுட்டி வந்தால் தொடாதீர்கள். 500 வெள்ளிக்குள் இணையத்தில் வாங்கும் வெளிநாட்டுப் பொருளுக்கு 10 விழுக்காட்டு வரி 2024 ஜனவரி முதல் உண்டு, அதை வாங்கும்போதே பதிவு பெற்ற விற்பவர் பிடித்துக்கொள்வார். சுட்டியில் வங்கி விவரம் கொடுத்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். பஸ் வந்துவிட்டது.