வாடகை வீட்டில் என் பெயரில் மின் இணைப்பு: 3 வருட அனுபவம்

குடிபோனபோது அந்த வீட்டில் மின் இணைப்பே இல்லை. உரிமையாளர் சம்மதக் கடிதம் தந்தார். அதையும் வாடகை ஒப்பந்தத்தையும் வைத்து என் பெயரிலேயே விண்ணப்பித்தேன். எங்களுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே நாளில் புது மீட்டர் மாட்டினார்கள். இரண்டும் படிக்கட்டுக்கு அடியில், பக்கத்துப் பக்கத்தில்.

முதல் பில்லைப் பார்த்துத் திகைத்தேன். இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு 310 யூனிட்டா? வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அணைத்த பிறகும் அது மினுக்கினால், அந்த மீட்டர் வழியாக வேறு யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள் அல்லது கசிவு இருக்கிறது என்று அர்த்தம். மாடிக்காரரைக் கூப்பிட்டு அவர் மெயினை அணைக்கச் சொன்னேன், சட்டென்று நின்றது. கம்பிகள் மாறிப் போயிருந்தன.

அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்த பிறகு இன்னொரு சோதனையும் செய்தேன். மீட்டர் முகப்பில் 1000 imp/kWh என்று இருந்தது. அதாவது ஒரு யூனிட்டுக்கு ஆயிரம் மினுக்கல். மற்ற எல்லாவற்றையும் அணைத்து, 2000 வாட் ஹீட்டரை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 33 முறை மினுக்க வேண்டும். எண்ணினேன், சரியாக இருந்தது. இதைக் குடிபோன முதல் நாளே செய்திருக்கலாம்!

அப்புறம் மூன்று வருடம் தொல்லையே இல்லை, மாதம் சுமார் 140 யூனிட்.

காலி செய்யும்போது இணைப்பைத் துண்டிக்கச் சொல்லவில்லை, பெயர் மாற்றம் மட்டும் கேட்டேன். துண்டித்துவிட்டால் அடுத்து வருபவர் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை வீடு இருட்டுதான். சாவி கொடுத்த அன்று நானும் புதிதாக வந்தவரும் சேர்ந்தே ரீடிங் பார்த்தோம்: 5,102. மீட்டர் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். என் மனைவிகூட, "இவ்வளவு எதற்கு?" என்றாள்.

இறுதி பில்லில் 5,180 என்று வந்தது. கடைசியாக எடுத்த ரீடிங் 5,040. இடையில் யாரும் வந்து பார்க்காததால் ஒரு முழு மாதச் சராசரியை, அதாவது 140 யூனிட்டை, அப்படியே கூட்டியிருக்கிறார்கள். நான் இருந்ததோ 13 நாள்தான், ஓடியது 62 யூனிட். புதியவர் கணக்கு 5,102-இல் தொடங்கியிருந்தது. ஆக அந்த 78 யூனிட்டுக்கு இரண்டு பேரிடமும் பணம்.

தாளையும் படத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு வாரத்தில் திருத்திய பில் வந்தது. அதைக் கட்டிய பிறகுதான் மின் இணைப்புக்கு நான் கட்டியிருந்த டெபாசிட் என் கைக்கு வந்தது. அடுத்தவர் தன் பெயரில் தனியாகக் கட்டிக்கொண்டார்.