"ஜிஎஸ்டி 2பில வந்ததும் ரிலீஸ் பண்றோம் சார்"னு சொல்ற கம்பெனிகிட்ட உஷாரா இருங்க

ஜிஎஸ்டி நம்பர் வச்சு மாசாமாசம் பில் போடற கன்சல்டன்ட்ஸ் இத படிச்சிட்டு அப்புறம் அடுத்த அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுங்க. கம்பெனி பேர் சொல்லல, விவகாரம் இன்னும் முடியல. ஒரு நடுத்தர ஃபேக்டரி, 2024 அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அவங்களுக்கு எஞ்சினியரிங் கன்சல்டன்டா இருந்தேன். பேசினது மாசம் ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

கணக்கு எப்படி வரணும்னா, இன்வாய்ஸ் 1,18,000. 194ஜெ படி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும், ஆனா ஃபீஸ் 1,00,000க்கு மட்டும்தான், இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டிய தனியா காட்டியிருந்தா அந்த தொகை மேல டிடிஎஸ் கிடையாது, 2017ல வந்த சிபிடிடி 23ஆம் நம்பர் சர்க்குலர்லயே இருக்கு. ஆக 10,000 போக 1,08,000 என் அக்கவுண்டுக்கு வரணும், அதுல 18,000 நான் கவர்ன்மென்டுக்கு கட்டவேண்டியது.

வந்தது 90,000.

கேட்டா அக்கவுண்டன்ட், "சார், டிடிஎஸ் போக பேசிக் போட்டாச்சு, ஜிஎஸ்டி எங்க 2பில ரிஃப்ளெக்ட் ஆனதும் ரிலீஸ் பண்றோம், எங்க கம்பெனி பாலிசி சார் இது"ன்னார். இந்த பயத்துல நியாயம் இல்லாம இல்ல. சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை ரிட்டர்ன்ல இன்வாய்ஸ ஏத்தி அது வாங்கறவங்களோட 2பி ஸ்டேட்மென்ட்ல வந்தாதான் அவங்களால இன்புட் கிரெடிட் எடுக்க முடியும், ஏமாந்தவங்களும் இருக்காங்க. நான் அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள ஏத்திட்டேன், 14ஆம் தேதி அவங்க 2பில வந்துடுச்சு, 20ஆம் தேதி வரி கட்டற 3பி ரிட்டர்ன்ல 18,000 என் கைக்காச போட்டு கட்டிட்டேன். ஏன்னா க்ளையன்ட் குடுத்தானா இல்லையான்னு சட்டம் பாக்காது, பில் போட்டாச்சுன்னா கட்டணும், லேட்டானா வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி.

2பில வந்த பிறகு காரணம் மாறுச்சு. எம்.டி. ஊர்ல இல்ல, ஆடிட்டர் பாக்கறார், மூணு பில்லையும் சேத்து ஒரே எண்ட்ரியா போடலாம்னு. நவம்பர், டிசம்பர் ரெண்டுக்கும் அதே 90,000. மூணு மாசத்துல 54,000 ஜிஎஸ்டி நின்னுபோச்சு. இங்க ஒண்ணு கவனிங்க, அந்த 54,000க்கு அவங்க இன்புட் கிரெடிட்ட எடுத்துட்டாங்க. எனக்கு ஒரு பைசா குடுக்காம நான் கட்டின வரிய வச்சு அவங்க வரிய குறைச்சுக்கிட்டாங்க. 180 நாளுக்குள்ள சப்ளையருக்கு பணம் குடுக்கலன்னா எடுத்த கிரெடிட்ட வட்டியோட திருப்பணும்னு ரூல் இருக்கு, ஆனா அவங்களா திருப்பினாதான் உண்டு, அப்படியே திருப்பினாலும் அது கவர்ன்மென்டுக்குதான் போகும், நமக்கு வராது. பணம் வரலங்கற ஒரே காரணத்துக்காக கிரெடிட் நோட் போட்டு கட்டின வரிய திரும்ப எடுக்கவும் வழி கிடையாது, வராக்கடனுக்கு ஜிஎஸ்டில நிவாரணமே இல்ல.

இத விட மோசம் டிடிஎஸ். நிறைய பேர் மொத்த பில்லுக்கும் சேத்து 11,800 பிடிச்சிட்டாங்கன்னு சண்டை போடுவாங்க, அது தப்புதான், ஆனா அந்த காசு உங்க பான்ல ஏறியிருந்தா ரிட்டர்ன்ல கிளெய்ம் பண்ணிக்கலாம், தொலஞ்சு போகாது. பிடிச்சிட்டு கட்டாம விடறதுதான் உண்மையான ஓட்டை, அதுவும் உடனே தெரியாது. பிடிச்சத அடுத்த மாசம் 7ஆம் தேதிக்குள்ள கட்டணும், சரி, ஆனா கட்டினதும், நம்ம பான்ல ஏறின வரிய காட்டற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்ல வராது, அவங்க காலாண்டுக்கு ஒருதடவ போடற 26க்யூ ரிட்டர்ன்ல நம்ம பான் நம்பரோட காட்டினாதான் வரும். அக்டோபர்-டிசம்பருக்கு அதோட கடைசி தேதி ஜனவரி 31. அதாவது அக்டோபர்ல பிடிச்சது ஏறுதா இல்லையான்னு எனக்கு தெரியறதுக்கே பிப்ரவரி ஆயிடும், அதுக்குள்ள மூணு பில்லும் முடிஞ்சுபோச்சு.

பிப்ரவரில பாத்தா ஒண்ணும் இல்ல. கேட்டதும் ஒரு சலான் காப்பி வாட்ஸப்ல வந்துச்சு, "கட்டியாச்சு பாருங்க சார்"னு. இதுலதான் பாதி பேர் அடங்கிடுவாங்க. அந்த சலான்ல இருந்தது அவங்க டிடிஎஸ் கணக்கோட டான் நம்பர், ஒரு மொத்த தொகை, தேதி, அவ்ளோதான். என் பேரும் கிடையாது, பானும் கிடையாது. அந்த தொகை யார் யாருக்காக கட்டினதுன்னு 26க்யூல பிரிச்சு காட்டினாதான் தெரியும், வேற கன்சல்டன்டுக்கு கட்டின சலானா கூட இருக்கலாம்.

லேட்டா ரிட்டர்ன் போட்டாங்க போல, அப்புறம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க, அவங்க பக்கத்து லிஸ்ட்ல என் பேர் இருந்த ஒரு வரி மட்டும் வெட்டி எடுத்தது. நான் என் 26ஏஎஸ திறந்து பாத்தா அக்டோபர் பில் மட்டும் இருக்கு, 1,00,000, டிடிஎஸ் 10,000, ஸ்டேட்டஸ் எஃப். நவம்பரும் டிசம்பரும் இல்லவே இல்ல. அந்த ஸ்டேட்டஸ் எழுத்தையும் பாருங்க, எஃப்னா கட்டினது மேட்ச் ஆயிடுச்சுன்னு அர்த்தம், யூன்னு இருந்தா தொகை காட்டினாலும் சலான் மேட்ச் ஆகல.

ஆக மூணு லட்சத்துக்கு வேலை பாத்து, 2,70,000 வாங்கி, அதுலேர்ந்து 54,000 வரி கட்டி, கைல நின்னது 2,16,000. பிடிச்ச 30,000ல 20,000 காணோம்.

அப்புறம் என்ன செஞ்சேன்னா, எனக்கு முன்னாடியே சிறுதொழில்களுக்கான உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்துச்சு, அதனால எம்எஸ்எம்இ சமாதான் போர்ட்டல்ல பாக்கிக்காக புகார் போட்டேன். அக்ரிமென்ட் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது, இழுத்தா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. வக்கீல் நோட்டீஸ் கூட வேண்டியிருக்கல, இது போனதும் அசையாத ஆளுங்க அசைஞ்சாங்க, 54,000 வந்துச்சு, வட்டி மட்டும் வரல.

அந்த 20,000 தான் இன்னும் இழுக்குது. பிடிச்சது நிஜம்னா அந்த தொகைய மறுபடி என்கிட்ட வசூலிக்கக்கூடாதுன்னு 205ஆம் பிரிவு சொல்லுது, ஆனா ரிட்டர்ன ப்ராசஸ் பண்ற சிஸ்டம் 26ஏஎஸ்ல இருக்கறதுக்குதான் கிரெடிட் குடுக்கும். முழு 30,000மும் கிளெய்ம் பண்ணேன், 20,000க்கு டிமாண்ட் வந்துச்சு, ஒத்துக்கலன்னு போட்டு, டிடிஎஸ்னு தெளிவா எழுதியிருக்கற பேமென்ட் அட்வைஸ், இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் மூணையும் சேத்து அனுப்பிட்டேன். பேமென்ட் அட்வைஸ் இல்லாம 90,000 மட்டும் வர்றவங்க அன்னிக்கே மெயில்ல கேட்டு வாங்கிடுங்க, இல்லன்னா "நாங்க டிடிஎஸே பிடிக்கல, பேசின ரேட்டே அதுதான்"னு சொல்லிடுவாங்க. அவங்க டான் நம்பர வச்சு டிடிஎஸ் அதிகாரிக்கும் புகார் குடுத்திருக்கேன்.

இப்பல்லாம் அக்ரிமென்ட்லயே ஜிஎஸ்டி முழுசா ஃபீஸோட சேந்தே வரணும்னு எழுதிடறேன். 2பி பயம்னு சொல்றவங்ககிட்ட, ஒரு மாச ஜிஎஸ்டிக்கு மேல நிறுத்தினா அடுத்த பில் போடமாட்டேன், வேலையும் நிக்கும்னு சொல்லிடறேன், ஒரு க்ளையன்ட் இதக் கேட்டே ஓடிப்போனார், போகட்டும்.

போன வாரம் அந்த ஃபேக்டரிலேர்ந்து ஃபோன். பழைய அக்கவுண்டன்ட் போயிட்டாராம், புதுசா வந்த பொண்ணு பேசினாங்க. "சார், கரெக்ஷன் ரிட்டர்ன் போடணும்னு சொல்றாங்க, நவம்பர் டிசம்பர் இன்வாய்ஸ் காப்பி எங்ககிட்ட இல்ல, அனுப்ப முடியுமா?" அனுப்பியிருக்கேன்.