டைல்ஸ் வகையைப் படம் பார்த்தே சொல்ல முடியுமா? பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

பழைய தரையைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பதால், நேரில் போவதற்கு முன்பே ஃபோனில் படம் அனுப்பச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். வகை தெரியாமல் வேலையில் இறங்க முடியாது. மார்பிளையும் மொசைக்கையும் தேய்த்து பாலிஷ் போடலாம், ஆனால் ஆசிட் பட்டால் இரண்டும் அரித்துப்போகும். மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் படலம் பூசிய டைல்ஸை மெஷினில் தேய்த்தால் டிசைனே போய்விடும்.

பெரும்பாலானவர்கள் அனுப்புவது நேராக மேலிருந்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்த படம். அதில் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் கேட்பது மூன்று படங்கள். ஏழெட்டு டைல்ஸ் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, நெருங்கி எடுத்தது ஒன்று. மூன்றாவது, எங்காவது உடைந்த மூலையோ வெட்டிய விளிம்போ. எனக்கு மிக முக்கியமானது இந்த மூன்றாவதுதான். உடைந்த இடமே இல்லை என்பார்கள். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைத் தூக்கினாலோ, சுவர்க் குழாயின் வட்டத் தகட்டை நகர்த்தினாலோ வெட்டு விளிம்பு தெரியும். அப்புறம், படத்தைச் சுருக்காமல் ஃபைலாக அனுப்பச் சொல்வேன். சுருங்கினால் நுண்ணிய புள்ளிகள் கலங்கிவிடும்.

ஒரு வீட்டிலிருந்து வந்த படத்தையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைத் தரை, சாம்பல் நிற ரேகைகள். "மார்பிள் மங்கிவிட்டது, பாலிஷ் போட வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். அகலப் படத்தில் ஒரு ரேகை கவைபோல இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. அதே கவையும் அதே புள்ளியும் மூன்று டைல்ஸ் தள்ளி, தலைகீழாக இருந்தன. டைல்ஸில் ஒரே டிசைனுக்குச் சில மாதிரிகளைத்தான் மாற்றி மாற்றி அச்சிடுவார்கள். இயற்கைக் கல்லில் அச்சு அசலாக ஒரே ரேகை திரும்ப வராது. ஆனால் ரேகை ஜாயின்ட்டில் அறுந்து நிற்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, நிஜ மார்பிளைத் துண்டு போட்டுப் பதித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

நெருங்கிய படத்தைப் பெரிதாக்கியபோது ரேகையின் ஓரம் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தது. அது அச்சு மை. கல்லில் நிறம் இப்படிப் புள்ளியாகச் சிதறாது, மெல்ல மெல்லக் கரையும்.

ஆக, அச்சிட்ட டைல்ஸ். செராமிக்கா, விட்ரிஃபைடா? வாசல் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மேலே மெல்லிய கண்ணாடிப் படலம், கீழே ரேகையே இல்லாத வெளிர் நிற உடல். நிறத்தை நம்பி இங்கே முடிவு சொல்லமாட்டேன். செங்காவி உடல் என்றால் பெரும்பாலும் செராமிக் என்பது சரி, ஆனால் வெள்ளை உடல் செராமிக்கும் உண்டு. அதனால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, விடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொன்னேன். விட்ரிஃபைடு உடல் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது, சுவர் செராமிக் 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். செராமிக்காக இருந்தால் சொட்டு உள்ளே இறங்கி, அந்த இடம் கறுத்துத் தெரியும். இங்கே சொட்டு அப்படியே நின்றது, துடைத்ததும் நிறம் மாறவில்லை. கிளேஸ் பூசிய விட்ரிஃபைடு. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய அழுக்கும் மெழுகும் ஏறிய சில்லில் இந்தச் சோதனை பொய் சொல்லும், அதனால்தான் முதலில் துடைக்கச் சொல்வது.

நிஜ மார்பிள் என்றால் உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுக்கும், ரேகையும் உள்ளே வரை போகும். டபுள் சார்ஜ் விட்ரிஃபைடில் கண்ணாடிப் படலம் இருக்காது. மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம்.

மொசைக்கில் சாய்ந்த டார்ச் வெளிச்சமே போதும். கல் சில்லுகள் பளபளக்க, இடையில் உள்ள சிமென்ட் மங்கலாக, ஊசித் துளைகளோடு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். மொசைக் மாதிரி அச்சிட்ட டைல்ஸில் சில்லும் இடைவெளியும் ஒரே மாதிரி மின்னும்.

படத்தால் எனக்கு இன்றுவரை பிடிபடாதது, ரெசின் கலந்து செய்த செயற்கைக் கல். அதற்கும் விளிம்பு வரை ஒரே உடல், சில்லுகளும் உண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் படத்தை மூடிவைத்துவிட்டு நேரில் போய்ப் பார்த்துவிடுவேன்.