அரிக்கும் சிவந்த கண், ஒட்டும் பீளை: தொற்றா, அலர்ஜியா?

கண் சிவந்து, அரித்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பலரும் நேராகப் போய் வாங்குவது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துதான். பீளை தள்ளினால் தொற்று என்று ஒரு கணக்கு. அது பாதிதான் சரி. அலர்ஜியிலும் பீளை வரும், வைரஸ் தொற்றிலும் இமை ஒட்டும். அரிப்பும் பீளையும் சேர்ந்தே வந்து குழப்புகிற கண்ணை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரிப்புதான் முதல் தொல்லை, இரண்டு கண்ணிலும் சேர்ந்தே தொடங்கியது, பீளை வெள்ளையாக நூல் போல இழுபடுகிறது என்றால் அது அலர்ஜி. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலை இல்லை.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சிவப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எல்லா வகையிலும் கண் சிவக்கும். தும்மல், மூக்கில் நீர், ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவை அதே ஆளுக்கு ஏற்கெனவே இருந்தால் அலர்ஜி பக்கம் எடை கூடும். வீட்டிலோ வகுப்பிலோ இன்னொருவருக்குக் கண் சிவந்திருந்தால் தொற்றுப் பக்கம் கூடும். ‘மெட்ராஸ் ஐ’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் வைரஸ்தான். ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மறு கண்ணுக்குத் தாவும். தொண்டை வலியோ சளியோ கூடவே வரலாம். காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினால் சின்ன நெறிகட்டி தட்டுப்படலாம். அலர்ஜியில் நெறி கட்டாது.

தீர்ப்பு சொல்வது பீளைதான். ஆனால் அதைத் தவறான நேரத்தில் பார்க்கிறோம். இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் கசிந்த நீரும் சளியும் இமை மயிரில் காய்ந்துவிடும். அது அலர்ஜியாக இருந்தாலும் காலையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதனால் தூங்கி எழுந்ததும் முடிவு கட்டக் கூடாது. கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. பிறகு ஒரு மணி நேரம் கண்ணைத் தொடாமல் விட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழிமையை விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள்.

பாக்டீரியா தொற்று என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இமை விளிம்பிலும் கண் முனையிலும் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ கெட்டியான சீழ் மறுபடி சேர்ந்திருக்கும். துடைக்கத் துடைக்க, பகல் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கிருமியோடு சண்டையிட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான் அந்தச் சீழ். வைரஸ் என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் கொட்டும், பீளை மெல்லியதாக இருக்கும். அலர்ஜி என்றால் கண் பளபளவென்று ஈரமாக இருக்கும், விளிம்பில் சீழ் இருக்காது. ஆனால் கீழிமைக்கும் விழிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வெள்ளை நூல் ஒன்று படுத்திருக்கும். பஞ்சு முனையால் தொட்டால் அறுந்து விழாமல் நீளமாக இழுபட்டு வரும். அது சீழ் இல்லை. கண் தன்னை ஈரமாக வைத்துக்கொள்ளச் சுரக்கும் சளிதான், எரிச்சலால் அளவு மீறிச் சுரக்கிறது.

அந்த நூலை விரலால் எடுக்கும் பழக்கம் ஆபத்தானது. எடுத்ததும் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும். ஆனால் விரல் பட்ட இடம் உரசிப் புண்ணாகி, அதைக் காக்கக் கண் இன்னும் சளியைச் சுரக்கும். அதையும் எடுக்கத் தோன்றும். மூல அலர்ஜி அடங்கிய பிறகும் இந்த எடுப்பு மட்டுமே பீளையை வாரக்கணக்கில் நீட்டிக்கும். ‘மருந்து போட்டும் பீளை நிற்கவில்லை’ என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நூலை எப்படி எடுக்கிறீர்கள் என்பதுதான்.

அடுத்தது அரிப்பு. இங்கே பலர் உறுத்தலையும் அரிப்பு என்றே சொல்லிவிடுகிறார்கள். மண் விழுந்தது போல இருக்கிறது, கண்ணை மூடினால் தேவலாம் என்றால் அது உறுத்தல், தொற்றில் அதிகம். தேய்த்தே ஆக வேண்டும், தேய்த்தால் சுகம், விட்டால் முன்னைவிட மோசம் என்றால் அது உண்மையான அரிப்பு. அது பெரும்பாலும் மூக்கோர முனையில் கடுமையாக இருக்கும். தேய்த்த பின் மோசமாவதற்குக் காரணம் உண்டு. அலர்ஜியில் கண் சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுவதால்தான் அரிக்கிறது. தேய்ப்பதே அந்தச் செல்களை உடைத்து இன்னும் கொட்ட வைக்கும். வருடக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் வரும் அபாயமும் கூடுகிறது.

வைரஸ் தொற்றிலும் ஓரளவு அரிப்பு இருக்கலாம் என்பதை மறைக்க முடியாது. அரிப்பு மட்டும் இருப்பதை வைத்து அலர்ஜி என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தலைகீழாக இது நன்றாகவே வேலை செய்யும்: இரண்டு கண்ணும் காலையில் ஒட்டுகிறது, அரிப்பே இல்லை, இதற்கு முன் இப்படி வந்ததும் இல்லை என்றால் பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடும். வைரஸா பாக்டீரியாவா என்பதைப் பார்வையால் மட்டும் பிரிப்பது டாக்டர்களுக்கே கடினம். அலர்ஜியைப் பிரிப்பது அதைவிட எளிது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயதுப் பையன். மூன்று வாரமாக இரண்டு கண்ணும் சிவந்து அரிக்கிறது, காலையில் இமை லேசாக ஒட்டுகிறது. ஆன்டிபயாடிக் சொட்டு ஐந்து நாள் போட்டும் மாற்றம் இல்லை. இங்கே மூன்று குறிப்புகள் உள்ளன. முதலாவது, காலம்: சாதாரண பாக்டீரியா தொற்று மருந்து இல்லாமலே 7 முதல் 10 நாளில் பெரும்பாலும் அடங்கும், வைரஸ் இரண்டு மூன்று வாரத்தில் வடியும். மூன்று வாரமாக ஒரே மாதிரி இருப்பது இரண்டுக்கும் பொருந்தவில்லை. இரண்டாவது, பாக்டீரியாவாக இருந்திருந்தால் சொட்டு போட்ட இரண்டு மூன்று நாளில் சீழ் குறைந்திருக்கும். மூன்றாவது, கீழிமையை இழுத்தால் வெள்ளை நூல் வருகிறது. ஆக இது அலர்ஜி. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. இந்த வயதுப் பையன்களுக்கு வெர்னல் என்னும் கடுமையான வகை வரும். மேலிமையின் உள்பக்கம் கூழாங்கல் பரப்பியது போலத் தடித்திருக்கும், வெளிச்சம் பட்டால் கண் கூசும். அந்த மேடுகள் கருவிழியை உரசிப் புண்ணாக்கக்கூடும். அதனால் கூச்சம் இருந்தால் மேலிமையைத் திருப்பிப் பார்க்கக் கண் டாக்டரிடம் போக வேண்டும். கூச்சம் இல்லையென்றால் அலர்ஜி சொட்டைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இனி மருந்து. அலர்ஜிக்கு ஓலோபடாடின் 0.1% அல்லது கீட்டோடிஃபென் 0.025%, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு, நாளைக்கு இருமுறை. இரண்டுமே ஹிஸ்டமினைத் தடுப்பதோடு மாஸ்ட் செல்களையும் அடக்கும். அரிப்பு சீக்கிரமே தணியும், முழுப் பலன் தெரியச் சில நாட்கள் விடாமல் போட வேண்டும். கூடவே பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் போட்டால் அலர்ஜிப் பொருளும் கழுவப்படும், குளிர்ச்சியும் அரிப்பை அடக்கும். நனைத்த குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் மூடிய இமைமேல் வைப்பது தேய்ப்பதற்கு நல்ல மாற்று.

சீழ் தெளிவாகத் தெரிந்தால் ஆன்டிபயாடிக். டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். எதை ஊற்றினாலும் ஒரு சொட்டே போதும், கண்ணின் பையில் அதற்கு மேல் இடமில்லை. மிச்சம் கன்னத்தில் வழியும். சொட்டியதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்தினால் மருந்து தொண்டைக்குப் போவது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். குப்பி முனை இமையில் படவே கூடாது.

தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? தொற்றுக்கு அலர்ஜி சொட்டு போட்டால் பெரிய கேடில்லை, நாள்தான் வீணாகும். அலர்ஜிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் பலன் இல்லாமல் போவதோடு, சிலருக்கு மருந்தே புது எரிச்சலைக் கிளப்பும். நியோமைசின் கலந்தவை இதற்குப் பேர் போனவை: ஓரிரு வாரத்தில் இமைத் தோல் சிவந்து, செதில் உதிர்ந்து, அரிப்பு கூடும். அதைத் தொற்று முற்றிவிட்டது என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். உண்மையில் நிறுத்துவதே மருந்து.

கொஞ்சம்கூடச் சமரசம் செய்யக் கூடாதது ஸ்டீராய்டு சொட்டு. ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்த குப்பியிலும் அது ஒளிந்திருக்கும். எந்த அழற்சியையும் ஒரே நாளில் வெளுக்க வைப்பதால் மிச்சக் குப்பியைப் பத்திரப்படுத்தி அடுத்த முறையும் போடுகிறார்கள். சிவப்பு ஹெர்பிஸ் வைரஸால் வந்திருந்தால் ஸ்டீராய்டு கருவிழிப் புண்ணைப் பரப்பிவிடும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வளரும். குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால் என்ற பெயர் இருந்தால் கண் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தொடாதீர்கள். சிவப்பை மட்டும் மறைக்கும் நாஃபசோலின் வகைச் சொட்டும் சில நாளுக்கு மேல் வேண்டாம். நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும்.

அலர்ஜி பக்கம் சாய்ந்தாலும், உறுதியாகும் வரை தொற்று போலவே நடந்துகொள்ளுங்கள். துண்டும் தலையணை உறையும் தனி, கண்ணைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவுவது, கண் மை வேண்டாம். வைரஸ் கண் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் அடினோ வைரஸ் காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடிருக்கும்.

கீழே சொல்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீடே வேண்டாம், அன்றே கண் டாக்டர்: உறுத்தலைத் தாண்டிய வலி, வெளிச்சக் கூச்சம், இமைத்துப் பார்த்தும் தெளியாத மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இமையில் நீர்க் கொப்புளங்கள், துடைத்த சில நிமிடத்திலேயே குடம் குடமாகச் சீழ், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் இதில் சேர்த்தி. லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அதைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள். கருவிழியில் புண் இருந்தால் எந்தக் கிருமி என்பதைக் கண்டுபிடிக்க அந்த லென்ஸையும் டப்பாவையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.